ஷிஃப்ட் வாரத்துக்குள் ஒரு படிப்பு உடன்பாடு

பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் மீண்டும் படிக்க வருகிறார். அவருக்குச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். எதைப் படிப்பது, அதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது, யார் எந்த உதவியைச் செய்வது, கற்றுக்கொண்டதை எப்படி உறுதி செய்வது ஆகியவற்றை இருவரும் பேசி, எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்வதைக் கற்றல் ஒப்பந்தம் என்பார்கள். வயதுவந்தோர் கல்வியில் இந்த முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். 1986இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். வயது வந்தவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொண்டிருப்பவர். படிப்பில் மட்டும் அவரைக் குழந்தையாக்கி முடிவுகளை நாமே எடுத்தால் அவர் நிலைக்க மாட்டார் என்பது அவர் வாதம். நோல்ஸின் ஒப்பந்தத்தில் இலக்கு, வழிமுறை, சான்று, சான்றை மதிப்பிடும் அளவுகோல், முடிக்கும் நாள் ஆகியவை இடம்பெறும்.

நான் பணிபுரிவது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில். கணக்கு ஆசிரியை. இங்கே இந்த முறையைக் கையாளும்போது நோல்ஸ் சொல்லாத ஒன்றைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் ஷிஃப்ட். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்த 1990களின் இறுதியிலிருந்து சுங்குவார்சத்திரம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொழிற்பூங்காக்கள் விரிந்துகொண்டே போக, நம் மாணவர்களின் பெற்றோரில் பலரது வாழ்க்கை கம்பெனிப் பேருந்தின் நேரத்தை ஒட்டியே ஓடுகிறது. அவர்களில் சிலர் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: “டீச்சர், நான் பத்தாவதுல நின்னுட்டேன். இப்ப எழுத முடியுமா?”

அப்படிக் கேட்ட ஒரு தாயுடன் எழுதிக்கொண்ட உடன்பாட்டைத்தான் இங்கே விவரிக்கப் போகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் மகள் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அவரோ 2008இல் பத்தாம் வகுப்பு எழுதி, கணக்கிலும் அறிவியலிலும் தோற்றவர். ஒரு மின்னணுப் பொருள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரப் பணிக்கு விண்ணப்பம் வாங்கியபோது பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாததால் அவர் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பெயர்ப் பிரச்சினை. “ஒப்பந்தம் எழுதிக்கலாமா?” என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்தப் பக்கத்தில் ஒப்பந்தம் என்றால் காண்டிராக்டர், அடையாள அட்டை, எந்த நாளும் நிறுத்தலாம் என்கிற வேலை. “வேணாம் டீச்சர், அதுலயே பதினோரு வருஷமா இருக்கேன்” என்றார். ஆகவே ‘படிப்பு உடன்பாடு’ என்று பெயர் வைத்தோம். பெயர் மாறியதோடு நிற்கவில்லை. ‘இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் இதைத் திருத்தச் சொல்லலாம், திருத்தினால் தேதி போட வேண்டும்’ என்ற வரியை முதல் பக்கத்திலேயே சேர்த்தோம். சட்டப்படி இது ஒப்பந்தமே அல்ல என்பதையும் சொல்லிவிட்டேன். மீறினால் யாரும் யார் மேலும் வழக்குப் போட முடியாது.

இன்னொரு வரியும் அதே பக்கத்தில் உண்டு: கட்டணம் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. எனவே தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்டு, பள்ளி நூலக அறையில், பள்ளி நேரத்துக்கு வெளியே சந்திப்பது என்று வைத்துக்கொண்டோம். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தத் தேர்வு, எந்த விதி

இலக்கை எழுதுவதற்கு முன் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகள் இரண்டு. ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. மற்றொன்று, தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து பாடங்களைச் சிறிது சிறிதாக முடிப்பது. அங்கே சேர்க்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு இரு முறை தேர்வு உண்டு. ஐந்து பாடங்களையும் புதிதாகத் தொடங்குபவருக்கு, குறிப்பாக வேலை நேரம் நிச்சயமில்லாதவருக்கு, இரண்டாவது வழி பொருத்தமாக இருக்கலாம். நம் மாணவிக்கு இரண்டு பாடங்களே பாக்கி. மற்ற மூன்றில் அவர் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர். ஆகவே தனித்தேர்வர் வழியே எளிது.

ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் 2008இல் எழுதியபோது பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைத் தேர்வு கிடையாது. இப்போது அறிவியல் என்றால் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 எடுக்க வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் அறிவியலில் தோற்றவர் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும். அந்த வகுப்புகளில் 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி. பதிவுக்கான அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதம் முன்பே வந்து, சில நாட்களில் முடிந்துவிடும். தேர்வு விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் அந்த ஆண்டையே இழப்பார்கள்.

ஆகவே உடன்பாட்டின் முதல் இலக்கு பாடத்தைப் பற்றியதாக இல்லை. ‘பழைய மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு தேர்வுத்துறையின் சேவை மையத்துக்குப் போய், எந்தப் பாடம் பாக்கி, செய்முறைக்கு எப்போது பதிவு என்று கேட்டு வருதல், பொறுப்பு: இருவரும், கெடு: இரண்டு வாரம்.’ செய்முறைப் பயிற்சி எந்தப் பள்ளியில், எந்த நாட்களில் என்று தெரிந்ததும் அதை ஷிஃப்ட் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதில் சேரும். பத்து வகுப்பு என்றால் இரண்டுக்கு மேல் விட முடியாது. மேற்பார்வையாளரிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்க வேண்டிய நாட்கள் எவை என்று முன்பே தெரிந்தால் கேட்பதும் எளிது, கிடைப்பதும் எளிது.

மணி நேரத்தை எண்ணுதல்

“தினமும் ரெண்டு மணி நேரம் படிச்சிடுவேன் டீச்சர்” என்றார். எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். நான் மறுக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, வாரத்தின் 168 மணி நேரத்தையும் அவரையே கணக்கிட வைத்தேன்.

வேலை 48. கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருப்பது, போவது, வருவது நாளுக்கு இரண்டரை மணி, ஆறு நாளைக்கு 15. தூக்கம் ஏழு மணி வீதம் 49. சமையல், தண்ணீர், துணி, பிள்ளைகள் என்று நாளுக்கு ஐந்தரை மணி, ஏழு நாளைக்கு ஏறத்தாழ 38. கூட்டினால் 150. மிச்சம் 18. அந்தப் பதினெட்டில்தான் கடைத்தெரு, ரேஷன், உறவினர் வீட்டு விசேஷம், காய்ச்சல் எல்லாம் வரும். தினம் இரண்டு மணி என்றால் வாரத்துக்குப் பதினான்கு. அது முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்த படிதான் முக்கியமானது. நாம் கால அட்டவணை போட்டுப் பழகியவர்கள். திங்கள் கணக்கு, செவ்வாய் அறிவியல் என்று எழுத நம் கை தானாகப் போகும். சுழற்சி ஷிஃப்டில் இருப்பவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போல அடுத்த செவ்வாய்க்கிழமை இருக்காது. காலை ஷிஃப்ட் ஆறு முதல் இரண்டு, மதிய ஷிஃப்ட் இரண்டு முதல் பத்து, இரவு ஷிஃப்ட் பத்து முதல் ஆறு என்று அவருக்கு வாரா வாரம் மாறும். ஆகவே படிப்பின் அலகு வாரம் அல்ல, மூன்று வாரம் கொண்ட ஒரு சுற்று.

காலை ஷிஃப்ட் வாரத்தில் அவர் மூன்றரை மணிக்கு வீட்டில் இருப்பார். நாலரையிலிருந்து ஐந்தரை வரை நான்கு நாள், ஞாயிறு இரண்டு மணி, ஆக 6 மணி. மதிய ஷிஃப்ட் வாரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலை பத்து முதல் பதினொன்று வரை நான்கு நாள், ஞாயிறு ஒரு மணி, ஆக 5. இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகல் தூக்கமே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்த வாரத்துக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி மட்டும். சுற்றுக்கு 13 மணி நேரம்.

இரவு வாரத்தில் படிக்காமல் இருப்பது உடன்பாட்டை மீறியதாகாது, உடன்பாட்டின்படிதான் நடக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால் வந்த பலன் பெரிது. மாதத்தில் ஒரு வாரம் குற்ற உணர்வோடு கழிவது நின்றுபோனது. நம்மிடம் வரும் பல பெரியவர்கள் பாதியில் நிற்பதற்குப் பாடம் கடினம் என்பதைவிட இந்தக் குற்ற உணர்வே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூலையில் தொடங்கினோம். தேர்வு மார்ச் இறுதியில். தீபாவளி, பொங்கலுக்கு ஒரு சுற்றைக் கழித்தால் 12 சுற்று, 156 மணி நேரம். அதை முழுவதும் பங்கிடவில்லை. 36 மணியைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, கணக்குக்கு 70, அறிவியலுக்கு 50 என்று எழுதினோம். என்னைச் சந்திக்கும் நேரமும் இதற்குள் அடக்கம்: காலை ஷிஃப்ட் வாரத்தில் செவ்வாயும் வியாழனும் மாலை ஒரு மணி நேரம், மதிய வாரத்தில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம். இரவு வாரத்தில் சந்திப்பு இல்லை. ஞாயிறு மாலை பத்து நிமிடம் தொலைபேசி மட்டும்.

இலக்கை எழுதுதல்

‘கணக்கில் தேர்ச்சி பெறுதல்’ என்பது ஆசை. அதை வைத்துக்கொண்டு வரும் வியாழன் என்ன செய்வது என்று தெரியாது. வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தால்தான் இலக்கு கண்ணுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. எட்டு மதிப்பெண் வினாக்கள் செய்முறை வடிவியலும் வரைபடமும். 70 மணி நேரத்தில் எட்டு இயல்களையும் முடிக்க முடியாது. எனவே எங்கிருந்து மதிப்பெண் வரும் என்று இருவரும் சேர்ந்து எழுதினோம். எட்டு மதிப்பெண் இரண்டிலிருந்து 13, ஒரு மதிப்பெண் வினாக்களிலிருந்து 7, உறவுகளும் சார்புகளும், புள்ளியியலும் நிகழ்தகவும், அளவியல் ஆகிய இயல்களில் மூன்று ஐந்து மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண்ணில் நான்கு 8. மொத்தம் 43. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இடையில் உள்ள எட்டு, தேர்வறையில் கை நடுங்குவதற்கு.

இப்படிப் பாடத்தை வெட்டிக் கொடுப்பது சரியா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நானும் செய்ய மாட்டேன். அவனுக்கு மேல்வகுப்பு இருக்கிறது, முக்கோணவியல் வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இருப்பது 70 மணி நேரம். எதை விடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு விட்டால் அது ஏமாற்று ஆகாது என்பது என் கருத்து.

வரைபடத்தை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர் வேலை செய்யும் இடத்தில் பழுதான பொருள்களின் எண்ணிக்கையைத் தினமும் ஒரு பலகையில் புள்ளியிட்டு இணைக்கிறார்கள். அச்சு, அளவு, புள்ளி எல்லாம் அவர் பழகியவை. இருபடிச் சமன்பாட்டு வரைபடத்தில் அவருக்குத் தடை வந்தது வேறிடத்தில். `y = x² + x − 2` என்பதற்கு அட்டவணை போட்டார். `x = −3` என்ற இடத்தில் `x²` ஐ −9 என்று எடுத்தார். அதனால் `y` 4 வருவதற்குப் பதில் −14 வந்தது. குறை எண்ணின் வர்க்கம், அதாவது எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள விஷயம். நான் திருத்தவில்லை, புள்ளிகளை வைக்கச் சொன்னேன். −2க்கு 0, −1க்கும் 0க்கும் −2, 1க்கு 0, 2க்கு 4 என்று கிண்ணம் போல வளைந்து வந்த கோட்டில் ஒரு புள்ளி மட்டும் அடியில் போய் விழுந்தது. “இது மட்டும் ரிஜெக்ட் பீஸ் மாதிரி இருக்கு டீச்சர்” என்றார். வலப்புறம் 2க்கு 4 என்றால் இடப்புறம் −3க்கும் 4 வர வேண்டும் என்பதை வளைவின் சமச்சீரிலிருந்து அவரே கண்டுபிடித்து, பின்னோக்கிப் போய் வர்க்கத்தைத் திருத்தினார். அதன் பிறகு அந்தத் தவறு அவ்வப்போது வந்தாலும், வரைபடமே அதைக் காட்டிக்கொடுத்தது.

சான்று என்ற பகுதியை இந்த அளவுக்கு நுணுக்கமாக எழுத வேண்டும். ‘வரைபடம் கற்றல்’ என்று எழுதினால் என்றைக்கு முடிந்தது என்று தெரியாது. நாங்கள் எழுதியது: ‘பார்க்காத ஓர் இருபடிச் சமன்பாட்டுக்கு அட்டவணை, அளவுத்திட்டம், வளைவரை, தீர்வு நான்கையும் புத்தகம் பார்க்காமல் இருபது நிமிடத்தில் முடித்தல். இப்படி மூன்று வேறு நாட்களில். அவற்றில் ஒன்று இரவு ஷிஃப்ட் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை.’ களைப்பாக இருக்கும் நாளில் வருவதுதான் உண்மையில் வந்தது. கடைசி நிபந்தனையைச் சேர்த்தவர் அவர்.

யார் என்ன செய்வது

உதவி என்ற பகுதியில் ‘தேவையான உதவிகள் செய்யப்படும்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், அளவு வேண்டும். என் பங்கு: வாட்ஸ்அப்பில் அனுப்பும் கணக்குக்கு இரண்டு நாளுக்குள் பதில், எழுத நேரமில்லை என்றால் குரல் பதிவில், ஒரு சுற்றுக்கு ஒரு சிறு வினாத்தாள், அச்சடித்து, அறிவியலுக்கு எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் சுற்றுக்கு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கித் தருவது. இந்த மூன்றுக்கு மேல் நான் வாக்களிக்கவில்லை. ஆசிரியர் தன் பங்கை அதிகமாக எழுதிவிட்டுச் செய்யாமல் போனால், எதிரே இருப்பவரும் தன் பங்கை அப்படியே எடுத்துக்கொள்வார்.

வீட்டின் பங்கு வேறு. காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை அடுப்பு யார் பொறுப்பு? மாமியாரிடம் அவரே பேசினார். வாரத்தில் நான்கு நாள் ஐந்தரை வரை அடுப்படிப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, அதையும் உடன்பாட்டில் எழுதினோம். மாமியாரைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. குடும்பத்தாரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினால் அது கண்காணிப்பாக மாறிவிடும், ஒரு நாள் படிக்காவிட்டாலும் “இதுக்குத்தான் நாங்க கஷ்டப்படறோமா?” என்ற பேச்சு வரும்.

அவர் கேட்டுச் சேர்த்த வரி ஒன்று உண்டு. “என் பொண்ணு எதிர்ல என் மார்க்கைச் சொல்லாதீங்க டீச்சர். அவ உங்க கிளாஸ்.” நம் மாணவரின் பெற்றோரே நம்மிடம் படிக்கும்போது இதை நாமே முன்வந்து கேட்க வேண்டும். விடைத்தாளை மகள் வழியாகக் கொடுத்தனுப்புவதில்லை, வகுப்பில் “உங்க அம்மாவே படிக்கிறாங்க, உனக்கென்ன?” என்று பேசுவதில்லை. இரண்டாவதை நாம் சாதாரணமாகச் சொல்லிவிடக்கூடியவர்கள் என்பதால் அதையும் எழுத்தில் வைத்தேன்.

நின்றுபோனால்

உடன்பாட்டில் மிக அதிக நேரம் பேசி எழுதியது கடைசி விதியைத்தான். தொடர்ந்து இரண்டு சந்திப்பு தவறினால் நான் அழைப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன், அடுத்த சந்திப்பு எப்போது என்று மட்டும் கேட்பேன். திரும்பி வரும் முதல் சந்திப்பில் புதுப் பாடம் கிடையாது. ஏற்கெனவே சான்று தந்த ஒன்றை மறுபடி செய்து பார்ப்பது. மீதி நேரத்தில் கையிருப்பு மணியை எண்ணி, உடன்பாட்டைத் திருத்துவது.

அக்டோபரில் இந்த விதிக்கு வேலை வந்தது. ஆலையில் கூடுதல் நேர வேலை, பிறகு இளைய பிள்ளைக்குக் காய்ச்சல். நாலரை வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தன. வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு கணக்குகள் வழக்கத்தை விட அழகான கையெழுத்தில் இருந்தன, மகளுடையது. “முக்கியமான கேள்வி மட்டும் குடுத்துடுங்க டீச்சர்” என்று ஒரு குரல் பதிவு. எதைச் சொன்னாலும் உடனே “சரி டீச்சர்.” பெரியவர்கள் நிற்கப் போவதற்கு முன் எதிர்த்துப் பேச மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார்கள். கேள்வி கேட்பது குறைந்தால் நாம் கவனிக்க வேண்டும்.

விதிப்படி அழைத்தேன். வந்தார். ஒரு வரைபடம் போட்டார், பதினெட்டு நிமிடத்தில். ஏறத்தாழ இருபது மணி நேரம் போயிருந்தது. கையிருப்பில் பதினாறு மிச்சம். புத்தகத்தைத் திறக்காமல் கணக்குப் போட்டோம். அளவியலைக் கைவிட்டு, அந்த இடத்தில் ஏற்கெனவே பாதி முடித்திருந்த திட்ட விலக்கத்தையும் நிகழ்தகவையும் பலப்படுத்துவது. அறிவியலில் செய்முறை வகுப்பு நாட்களைத் தொடக்கூடாது. எழுத்துப் பகுதியில் உயிரியல் பாடங்களை முன்னுக்குக் கொண்டுவருவது. திருத்திய தேதியை எழுதினோம். அந்தத் தாள் இரண்டாம் பதிப்பு ஆனது.

அறிவியலில் நேரம் இறுக்கிவிட்டது என்பது அப்போதே தாளில் தெரிந்தது. செய்முறை வகுப்புக்குப் போகும் வாரங்களில் எழுத்துப் பகுதிக்கு நேரம் ஒதுங்கவில்லை. தேர்வு முடிவும் அதையே காட்டியது. கணக்கில் 41, தேர்ச்சி. அறிவியலில் செய்முறை 21, எழுத்து 18, கூட்டினால் 39. 35ஐத் தாண்டிவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்திருக்கிறார்கள். ஆனால் எழுத்தில் 20 வேண்டும் என்ற விதியால் தேர்ச்சி இல்லை. இந்த விதியை ஜூலையிலேயே உடன்பாட்டில் எழுதியிருந்ததால் அவருக்கு அது புதிதாக இல்லை.

முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் துணைத்தேர்வைப் பற்றி முடிவெடுப்பது என்பதும் உடன்பாட்டில் இருந்தது. விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு என்பதால் அந்தக் கெடு. மூன்றாம் பதிப்பு எழுத உட்கார்ந்தோம். தேர்வுக்கு முன் இரண்டு சுற்று, 26 மணி நேரம். முழுவதும் அறிவியல் எழுத்துப் பகுதிக்கு. இலக்கு என்ற இடத்தில் 20 என்று எழுதப் போனேன்.

“இருபது போடாதீங்க டீச்சர், முப்பதுன்னு போடுங்க. இருபதுக்குப் படிச்சுத்தான் பதினெட்டு வந்துச்சு.”

முப்பது என்று எழுதினோம். ஒரு மதிப்பெண் பன்னிரண்டில் எட்டு, இரண்டு மதிப்பெண்ணில் நான்கு, நான்கு மதிப்பெண்ணில் இரண்டு, ஏழு மதிப்பெண்ணில் ஒன்று, 31 வருகிறது. இரவு ஷிஃப்ட் வாரம் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் விழுகிறதா என்று அட்டவணையைப் பார்த்தார். விழுந்தது. மேற்பார்வையாளரிடம் மாற்றிக் கேட்பது என் பொறுப்பு என்று தன் பெயரை எழுதி, பக்கத்தில் தேதி போட்டார்.